கற்பனைப் பேரரசுக்குச் சட்டமும் தண்டனையும் வரைதல்: ஒரே வழக்கு முழுக் கதையையும் நடத்தும்படி

திருகோணமலையில் டச்சுக்குடாவுக்கு அருகே ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் சிலர் கூடி, எழுதிக்கொண்டிருக்கும் நாவல்களின் அத்தியாயங்களை வாசித்துத் திருத்திக்கொள்கிறோம். கற்பனைப் பேரரசுகளை எழுதுகிறவர்கள் நடுவில் ஒரு வழக்கை வைக்க விரும்புவதும், அந்த வழக்கு வந்தவுடன் கதை நின்றுவிடுவதும் எங்களிடையே பலமுறை நடந்திருக்கிறது. என் சொந்தக் கையெழுத்துப்படியும் அவ்வாறு ஒருமுறை நின்றது. நாற்பது சட்டங்களை எழுதி வைத்திருந்த நான், அவற்றில் ஒன்றுகூட விசாரணையில் எவரையும் எதையும் செய்ய வைக்கவில்லை என்பதை மிகத் தாமதமாகவே கண்டேன். கீழே உள்ள ஒழுங்கு அந்தப் படியைத் திரும்ப எழுதியபோது கிடைத்தது. உதாரணமாக எடுத்துக்கொள்ளும் வழக்கும் அதிலிருந்துதான் வருகிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விடயங்கள் முடிவாகியிருந்தால் போதும். பேரரசு எதனால் பிழைக்கிறது, குற்றம் சாட்டப்படப்போகிறவர் யார், அவர் உயிரைவிடப் பெரிதாக எண்ணும் ஒன்று எது என்பவையே அவை. அரச பரம்பரை, நாணயங்களின் பெயர், மாகாணங்களின் எண்ணிக்கை ஆகியவை இப்போது தேவைப்படாது. அவற்றை முதலில் வரைந்துவிட்டால், அவற்றுக்கு இடம் கொடுப்பதற்காகவே தேவையற்ற சட்டங்களை எழுத நேரும்.

சட்டத்துக்கென ஒரேயொரு தாளை ஒதுக்குங்கள். அதன் ஒரு பக்கத்துக்குள் அடங்காத சட்டத்தொகுப்பு விசாரணைக்குப் பயன்படாது, ஏனெனில் வாசகர் அதை நினைவில் வைத்திருந்தால்தான் நீதிமன்றத்தில் எதிர்பாராத ஒன்று நடக்கும்போது அது எதிர்பாராதது என்று அவருக்குத் தெரியும்.

2. பேரரசு எதை இழக்க அஞ்சுகிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் கொலை, களவு, துரோகம் என்ற வரிசையில் சட்டம் எழுதத் தொடங்குகிறார்கள். அந்த மூன்றும் எல்லா நாட்டிலும் குற்றமாகையால், அவற்றிலிருந்து உங்கள் பேரரசைப் பற்றி எதுவும் தெரியவராது. எந்தச் சிறு தவறுக்கு அங்கே பெரிய தண்டனை என்பதில்தான் அந்த நாட்டின் முகம் தெரியும்.

என் உதாரணத்தில் பேரரசின் பெயர் ஏழ்துறை. ஏழு துறைமுகங்களுக்கிடையே ஓடும் கப்பல்களின் சுங்கத்தால் அது வாழ்கிறது, கரையெல்லாம் பாறை. ஆகவே நான் எழுதிய வாக்கியம் இது: “இரவில் வெளிச்சம் இல்லாத துறைக்கு எந்தக் கப்பலும் வராது என்பதே இந்த அரசின் அச்சம்.” கொட்டியாரக் குடாவுக்குள் வாடைக்காலத்தில் இருட்டிய பிறகு தோணி கொண்டு வந்தவர்களிடம் பேசிப்பார்த்தால், இது கற்பனைக்காகப் பெரிதாக்கிய அச்சம் அன்று என்பது விளங்கும்.

இந்த வாக்கியத்திலிருந்து முதல் சட்டம் தானாக வரும். விளக்கை அணையவிடுவது ஏழ்துறையில் கொலைக்குச் சமமான குற்றமாகும்.

3. சட்டங்களுக்கு முன் சம்பவ இரவை எழுதுங்கள்

உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சாமம் சாமமாக எழுதி முடித்த பின்னரே மற்றச் சட்டங்களுக்குப் போக வேண்டும். காரணம் எளிது: எந்த உண்மையை நீதிமன்றம் கேட்க முடியாமல் தடுக்க வேண்டும் என்று தெரியாவிட்டால், எந்தச் சட்டம் வேண்டும் என்பதும் தெரியாது.

ஏழ்துறையின் நான்காம் துறையில் விளக்குக் காவல் செய்கிறவள் செவ்வந்தி. அவளுடைய தமையன் அரச எண்ணெய்க் களஞ்சியத்தின் கணக்கர். இருவரும் தாயுடன் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். கடன்பட்ட தமையன் களஞ்சியத்து எண்ணெயில் பாதியை விற்றுவிட்டு, சாடிகளின் அடியில் தண்ணீரை நிரப்பி, மேலே எண்ணெய் விட்டு, மாலையில் தானே கோபுரத்துக்குச் சுமந்து வந்து வைக்கிறான். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் ஆதலால், மாலையில் ஊற்றும்போது சாடியின் வாயிலிருந்து எண்ணெய்தான் விழுகிறது. நள்ளிரவில் இரண்டாம் முறை ஊற்றும்போது தண்ணீர் விழுகிறது. திரி சீறி அணைகிறது. அடுத்த சாமத்தில் ஒரு கப்பல் பாறையில் மோதி ஏழு பேர் இறக்கிறார்கள்.

இதை எழுதிய பிறகு ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும் என்று தனித்தனியே குறியுங்கள். தமையனுக்கு எல்லாம் தெரியும். சாடிகளைக் கொண்டுவந்தவன் அவன் என்பது செவ்வந்திக்கு மட்டும் தெரியும். கோபுரத்தில் வேறு எவரும் இருக்கவில்லை. நீதிபதிக்கு விளக்கு அணைந்தது மட்டுமே தெரியும்.

பிறகு பொருள்களைப் பாருங்கள். சாடியில் தண்ணீர் இருந்தது அடுத்த நாள் கண்டுபிடிக்கப்பட்டால் வழக்கு அன்றே முடிந்துவிடும். ஆகவே அந்த இரவில் மழை பெய்ய வேண்டும். திறந்த சாடியில் தண்ணீர் இருந்ததற்கு மழையே காரணம் என்று எவரும் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். தடயப் பொருள் பேசக்கூடாது என்றால், அது பேசாததற்கு உலகியல்பான காரணம் ஒன்று வேண்டும். “எவரும் சாடியைப் பார்க்கவில்லை” என்று எழுதிவிட்டுப் போகிறவர்களிடம் வாசகர் கேட்கும் முதற் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

4. ஒன்றோடொன்று மோதும் இரண்டு சட்டங்களை வரையுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு சட்டமும் அதை மீறியவரும் மட்டும் இருந்தால், விசாரணையில் எஞ்சும் கேள்வி “செய்தாரா, இல்லையா” என்பதே. அது துப்பறியும் கதைக்குப் போதும், பேரரசின் கதையை நகர்த்தப் போதாது. இரண்டு சட்டங்கள் இருந்து, ஒன்றைக் காப்பவர் மற்றதை மீறியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால்தான் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவிலிருந்து கதை புறப்படும்.

ஏழ்துறையின் முதற் சட்டம்: “துறைவிளக்கை ஏற்றுக்கொண்டவர், அது அணைந்து உயிர் போனால், தம் உயிரைக் கொடுப்பார்.” இரண்டாம் சட்டம்: “ஒரே அடுப்பில் உண்பவர் ஒருவர்மேல் ஒருவர் சாட்சி சொல்லலாகாது, சொன்னால் அச்சொல் செல்லாது, சொன்னவர் அடுப்பும் இழப்பார்.”

இப்போது செவ்வந்தியின் நிலையைப் பாருங்கள். அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மை, அவள் சொல்லக்கூடாத உண்மையாகிவிட்டது. துணிந்து சொன்னாலும் அச்சொல் செல்லாது. உயிரோடு வீடும் போகும். சட்டத்தில் “செல்லாது” என்ற சொல் மிக முக்கியமானது. அதை விட்டுவிட்டு, சொன்னவருக்குத் தண்டனை என்று மட்டும் எழுதினால், தண்டனையை ஏற்றுக்கொண்டு உண்மையைச் சொல்லித் தப்பிவிடலாம். உங்கள் வழக்கு இரண்டாம் நாளே முடியும்.

இரண்டாம் சட்டம் வழக்குக்காகவே செய்யப்பட்டதுபோலத் தோன்றக்கூடாது. அதற்கும் அந்த நாட்டில் ஒரு நியாயம் இருக்க வேண்டும். அதனால் நன்மை பெற்றவர்களும் இருக்க வேண்டும். இப்படியொரு சட்டம் நம்பமுடியாதது என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் வாதாடினார். சீனாவின் தாங் அரசு 653ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டத்தொகுப்பில், ஒரே குடும்பத்தார் ஒருவர் குற்றத்தை மற்றவர் மறைப்பது அனுமதிக்கப்பட்டிருந்தது. அரசுக்கு எதிரான கலகம் போன்ற பெருங்குற்றங்கள் மட்டுமே விலக்கு. பெற்றோர்மேல் முறைப்பாடு செய்த பிள்ளைக்கே அங்கு தண்டனை கிடைத்தது. வீடு உடைந்தால் நாடு உடையும் என்று எண்ணிய அரசு அப்படித்தான் சட்டம் எழுதும். ஏழ்துறையில் அதற்கு நான் வைத்த காரணம், முன்னொரு பேரரசன் காலத்தில் அண்டை வீட்டாரும் உடன்பிறந்தாரும் காட்டிக்கொடுத்தே பாதி ஊர் அழிந்தது என்பது. மக்கள் அந்தச் சட்டத்தை நேசிக்கிறார்கள். அதனால் அதை உடைக்கும் ஒருத்தியை அவர்கள் எளிதில் மன்னிக்கமாட்டார்கள்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை, இரண்டு சட்டங்களில் ஒன்றை நல்லதாகவும் மற்றதைக் கொடியதாகவும் எழுதுவது. அப்படி எழுதினால் வாசகர் முதற் பக்கத்திலேயே பக்கம் சேர்ந்துவிடுவார். உங்கள் வரைவைச் சோதிக்க, ஒவ்வொரு சட்டத்தாலும் காப்பாற்றப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி இரண்டு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாத சட்டம் இன்னும் சட்டமாகவில்லை. அது வில்லன் ஒருவனின் கட்டளையாகவே நிற்கிறது.

5. சட்டத்தில் ஒரு சொல் மட்டும் நெகிழட்டும்

மோதல் மட்டும் இருந்தால் குற்றம் சாட்டப்பட்டவர் நசுங்குவார். வாதாட எதுவும் இராது. ஆகவே சட்டத்தில் ஒரு சொல்லை இரண்டு விதமாகப் பொருள்கொள்ளக்கூடியதாக விட வேண்டும். ஒன்று போதும். இரண்டு சொற்கள் நெகிழ்ந்தால் வாசகர் எந்த வாதத்தைப் பின்தொடர்வது என்று குழம்புவார்.

எந்தச் சொல்லை நெகிழவிடுவது? பொருள்களை வகைப்படுத்தும் சொல்லைத் தேர்ந்தெடுப்பது நல்லது. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமையில், முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து வந்த வழியைக்கொண்டு பிரிக்கப்பட்டது. ஒரு காணி இந்த மூன்றில் எது என்று தீர்ந்தால் அது யாரைச் சேரும் என்பதும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆதலால் சண்டையெல்லாம் பெயரைப் பற்றியதாகவே இருக்கும். கற்பனைச் சட்டத்திலும் “இது எந்த வகை” என்ற கேள்வியே நீதிமன்றத்தைச் சூடாக வைத்திருக்கும்.

ஏழ்துறையில் அந்தச் சொல் “உண்பவர்”. ஒரே அடுப்பில் இன்று உண்பவரா, அல்லது சம்பவத்தன்று உண்டவரா என்பதே கேள்வி. சட்டம் “உண்பவர்” என்று சொல்வதாக எல்லாரும் நம்புகிறார்கள். அப்படியானால் செவ்வந்தி வீட்டைவிட்டுப் பிரிந்து தனி அடுப்பு மூட்டினால், அவள் இனி ஒரே அடுப்பில் உண்பவள் அல்லள், சாட்சி சொல்லலாம். ஆனால் நான்காம் துறை நீதிமன்றத்தில் இருக்கும் ஓலையில் அந்த ஓர் எழுத்தின் வலப்பக்கத்தைச் செல் அரித்திருக்கிறது. பகரத்தின் வலக்கோடு போனால் மிஞ்சுவது டகரம். தமையனின் பக்கத்தவர் அதை “உண்டவர்” என்று வாசிக்கிறார்கள். அப்படி வாசித்தால் எத்தனை அடுப்பு மூட்டினாலும் அந்த இரவைப் பற்றி அவள் பேச முடியாது.

தமிழில் எழுதுகிற நமக்கு இந்த வசதி மொழியிலேயே கிடக்கிறது. ஓலையில் புள்ளி இடாமல் எழுதும் வழக்கம், ஓரெழுத்து மாறினால் காலமே மாறும் வினையாலணையும் பெயர்கள், பால்காட்டாத “அவர்” ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வழக்குக்குப் போதிய இடம் தரும். சட்ட வாசகத்தை முதலில் பிறமொழியில் யோசித்துப் பின் தமிழாக்கினால் இவை உங்கள் கண்ணிற் படமாட்டா.

6. தண்டனைப் படிகளை இறங்குமுகமாக வரையுங்கள்

கற்பனைப் பேரரசுகளில் எல்லாவற்றுக்கும் மரணதண்டனை வைப்பது எளிது. ஆனால் ஒரே தண்டனை இருந்தால் நீதிபதிக்கு எடுப்பதற்கு முடிவு இல்லை. தாங் சட்டத்தில் சிறுபிரம்படியிலிருந்து தலைவெட்டு வரை ஐந்து வகைகளில் 20 படிகள் இருந்தன. உங்களுக்கு ஐந்து படிகள் போதும்; ஆனால் ஒவ்வொரு படியும் யாருக்கு எதைக் கொடுக்கிறது என்று எழுத வேண்டும்.

ஏழ்துறையில் மேலிருந்து கீழாக: உயிர், அடுப்பிழத்தல், அதாவது எவரும் அவருக்கு நெருப்போ உணவோ கொடுக்கலாகாது என்ற விலக்கு, உப்பளத்தில் மூன்று ஆண்டு வேலை, விளக்கு வைத்தல், உப்பாக அளக்கும் குற்றப்பணம். சிறை இல்லை. தீர்ப்பு வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு பிணையாளியின் பொறுப்பில் ஊருக்குள் இருப்பார். அவர் ஓடிவிட்டால் தண்டனை பிணையாளியின்மேல் விழும். இதனால் என் கதைக்குக் கிடைத்தது பெரிது: செவ்வந்தி வெளியே நடமாடலாம், சமைக்கலாம், ஆனால் தப்பி ஓடினால் அவளை நம்பிப் பிணைநின்ற பழைய கடலோடி ஒருவர் இறப்பார். சிறையில் பூட்டியிருந்தால் இருபது அத்தியாயங்களுக்கு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

நான்காம் படியான விளக்கு வைத்தலை நான் சோழர் கல்வெட்டுகளிலிருந்து எடுத்தேன். கருதாமல் ஒருவரைக் கொன்றவர் கோயிலில் நந்தாவிளக்கு வைக்கும்படி தீர்க்கப்பட்ட செய்திகள் அவற்றில் உண்டு. விளக்குக்கு நெய் கிடைக்கும்படி ஆடுகள் விடப்படும், பெரும்பாலும் 90 அல்லது 96. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்பார்கள். ஆடுகள் இறந்தாலும் குட்டிகளால் தொகை குறையாமல் நிற்க வேண்டும் என்பது கருத்து. கொலையாளியின் தலையை எடுப்பதைவிட, அவன் குடும்பத்தைத் தலைமுறைகளுக்கு ஒரு விளக்கோடு கட்டிப்போடும் இந்தத் தண்டனை கதைக்குப் பல மடங்கு பயன் தரும், ஏனெனில் தண்டனை தீர்ப்போடு முடியாமல் தொடர்கிறது.

மிகக் கடுமையான தண்டனையை வைத்தால், அதை மக்கள் எப்படித் தவிர்க்கிறார்கள் என்றும் எழுதியாக வேண்டும். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில், வீட்டுக்குள்ளிருந்து 40 சிலிங் பெறுமதியான பொருளைத் திருடினால் தூக்கு. யூரிமார் பலர், திருடப்பட்டது எவ்வளவு பெறுமதியானதாக இருந்தாலும் 39 சிலிங் என்று தீர்த்து ஆளைக் காப்பாற்றினார்கள். ஏழ்துறையிலும் அப்படித்தான்: விளக்கு அணைந்த சிறு விபத்துகளை ஊரார் “காற்று அணைத்தது” என்று சொல்லி மூடிவிடுவது வழக்கம். இம்முறை ஏழு பேர் இறந்ததால் எவராலும் அப்படிச் சொல்ல முடியவில்லை. இந்த ஒரு வழக்கத்தை எழுதியவுடன், இத்தனை கடுமையான சட்டம் ஏன் இவ்வளவு காலமாகக் கேள்விக்குள்ளாகவில்லை என்பதும், ஏன் இப்போது உள்ளாகிறது என்பதும் வாசகருக்கு விளங்கிவிடுகிறது.

7. நடைமுறையையும் நாள்கணக்கையும் எழுதுங்கள்

சட்டத்தையும் தண்டனையையும் எழுதியவர்களில் பெரும்பாலோர் நடைமுறையை மறந்துவிடுகிறார்கள். யார் குற்றம் சாட்டலாம், யார் எப்போது பேசலாம், தீர்ப்பை யார் உறுதிசெய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்பவையே விசாரணையின் எலும்புகள். கண்ணகியின் வழக்கில் எல்லாம் சிலம்பின் உள்ளே இருந்த பரலைப் பொறுத்திருந்தது. அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். உடைத்தால் அவையில் இருந்த எவருக்கும் தெரியும். ஆனால் கோவலனைக் கொல்வதற்கு முன் கேட்க வேண்டும் என்ற படி அங்கே நடக்கவில்லை. ஒரு படி இருப்பதோ இல்லாததோ எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

ஏழ்துறையின் நடைமுறை இது. குற்றச்சாட்டு ஊரில் கூறப்படும் நாள் முதலாம் நாள். துறை நீதிபதி முப்பதாம் நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். உயிர்த்தண்டனையாயின் ஓலை தலைநகருக்குப் போய் உறுதிபெற்று வர வேண்டும்: போக எட்டு நாள், அங்கே ஒரு நாள், திரும்ப எட்டு நாள். உறுதி ஓலை நாற்பத்தேழாம் நாள் துறையில் இறங்கும். அதுவரை புதிய சாட்சியைக் கேட்கலாம். தனி அடுப்பு மூட்டியவர், இரண்டு அயலார் அறிய, தொடர்ந்து நாற்பது நாள் அதில் சமைத்து உண்டால்தான் பிரிந்தவராகக் கருதப்படுவார். நாற்பத்தோராம் நாளில் பேசலாம்.

இப்போது கணக்கைப் போடுங்கள். செவ்வந்தி முதலாம் நாளே அடுப்பு மூட்டினால் அவள் பேசக்கூடிய முதல் நாள் நாற்பத்தொன்று. ஓலை வருவதற்குள் ஏழு நாள் கிடைக்கும். ஏழாம் நாள் மூட்டினால் நாற்பத்தேழாம் நாள் மட்டுமே கிடைக்கும். எட்டாம் நாள் மூட்டினால் காலம் போய்விட்டது. ஆகவே அவள் தமையனைக் காட்டிக்கொடுப்பதா இல்லையா என்பதை முதல் ஏழு நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். அதுவும் தாயும் தமையனும் பார்த்துக்கொண்டிருக்க.

அடுப்பு மூட்டுவதை மறைக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். புகை எழுந்த அன்றே அவள் பேசப்போகிறாள் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும், ஆனால் நாற்பது நாளுக்கு அவள் எதையும் பேச முடியாது. அந்த நாற்பது நாளும் தமையன் அயலாரை விலைக்கு வாங்கலாம், அடுப்பை அணைக்க ஆள் அனுப்பலாம், கெஞ்சலாம். தாய் எந்த அடுப்பில் உண்பாள் என்பது ஒவ்வொரு வேளையும் ஒரு தீர்ப்பு. இந்த அத்தியாயங்களை எழுதும்போது எனக்குச் சம்பவங்களைத் தேட வேண்டியிருக்கவில்லை. நாள்கணக்கே அவற்றைக் கொண்டுவந்தது.

தலைநகருக்கு ஓலை போகும் கப்பல் இன்னொரு வேலையும் செய்யும். தலைநகரில் சட்டத்தின் மூல ஓலை செல் அரிக்காமல் இருக்கிறது. உறுதி கேட்டுப் போகும் அதே கப்பலில் “உண்பவரா, உண்டவரா” என்று பார்த்து வர ஒருவர் போகலாம். அவர் வாடைக்காற்றில் தாமதித்தால் என்ன, முன்னதாக வந்தால் என்ன என்பதையெல்லாம் உங்கள் கடலே முடிவுசெய்யும். காற்றை இறுதி நேரத்தில் உங்கள் வசதிக்குத் திருப்பாதீர்கள்; எந்த மாதத்தில் எந்தக் காற்று என்பதை முதல் அத்தியாயங்களிலேயே சொல்லிவிட்டு அதற்குக் கட்டுப்படுங்கள்.

நாட்களைத் தாளில் கோடிட்டுக் குறித்துக்கொள்வது கட்டாயம். எங்கள் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட ஒரு படியில், பத்து நாள் பயணத்தூரத்தில் இருந்த அரசியின் மன்னிப்பு மூன்றாம் நாளில் வந்துவிட்டது. எழுதியவர் கவனிக்கவில்லை; கேட்டுக்கொண்டிருந்த பள்ளி மாணவி கவனித்தாள்.

8. ஒவ்வொரு விதியையும் வழக்குக்கு முன்பே ஒருமுறை இயங்க வையுங்கள்

விசாரணை மண்டபத்தில் முதன்முறையாகச் சொல்லப்படும் விதி, எழுத்தாளர் அந்த நேரத்தில் கண்டுபிடித்ததாகவே தோன்றும். ஆகவே தேவைப்படும் நான்கு விதிகளையும், அதாவது விளக்கு, அடுப்பு, நாற்பது நாள், ஓலை வரும்வரை சாட்சி என்பவற்றை, முன்னைய அத்தியாயங்களில் சிறிய விடயங்களில் காட்டிவிட வேண்டும்.

இதற்கு நம் கரையிலேயே மாதிரி உண்டு. கரைவலை இழுக்கும் இடத்தில் எந்தப் பாட்டில், அதாவது எந்தக் கரைத்துண்டில், யார் எந்த முறையில் வலை வளைப்பது என்ற ஒழுங்கைக் காலையில் ஒரு மணிநேரம் நின்று பார்த்தால், எவரும் விதியை ஓதிக்காட்டுவதில்லை என்பது தெரியும். ஒருவர் முறைதவறி வந்தால் மற்றவர்கள் செய்வதிலிருந்து விதி விளங்கிவிடும். அப்படித்தான் கதையிலும்.

நாற்பது நாள் விதியை நான் ஒரு மாமியார் மருமகள் பிணக்கில் காட்டினேன்: முப்பத்தொன்பதாம் நாள் மழையில் அடுப்பு நனைந்து, மருமகள் மறுபடி முதலாம் நாளிலிருந்து தொடங்குகிறாள். வாசகர் அதில் இரங்கிவிட்டுக் கடந்துபோவார். செவ்வந்தியின் முப்பத்தெட்டாம் நாள் வானம் இருட்டும்போது, நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

9. மூன்று தீர்ப்புகளையும் எழுதிப் பார்த்த பின்னரே ஒன்றைத் தெரிந்தெடுங்கள்

தீர்ப்பு எதுவானாலும் பேரரசில் ஒன்று உடைய வேண்டும். ஒரு தீர்ப்பில் எதுவும் உடையாவிட்டால், அந்தத் தீர்ப்பைச் சொல்லி எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பொருள்; வாசகரும் அதையே கேட்பார்.

செவ்வந்தி இறந்தால், இனி விளக்குக் காவலை ஏற்க ஏழு துறைகளிலும் ஆள் இல்லை; அரசு எதற்கு அஞ்சியதோ அது சட்டத்தாலேயே நடக்கும். அரசன் மன்னித்து விடுவித்தால், இறந்த ஏழு மாலுமிகளின் உறவினர் துறையில் இறங்க மறுப்பார்கள், சுங்கம் நிற்கும். தமையன் அகப்பட்டால், பிரிந்து போனவர் பழைய வீட்டைப் பற்றிப் பேசலாம் என்பது நிலைபெற்றுவிடும். அடுத்த மாதம் ஊரெங்கும் புது அடுப்புகளின் புகை எழும், ஒவ்வொரு வீடும் தன்னைவிட்டுப் பிரிபவரை அஞ்சும்.

மூன்றையும் ஒவ்வொரு பக்கம் எழுதுங்கள். எழுதும்போது கை எதில் தயங்குகிறதோ, அதில் பெரும்பாலும் நடைமுறை ஓட்டை ஒன்று இருக்கும். என் படியில் மூன்றாம் தீர்ப்பை எழுதும்போதுதான், தமையனுக்கு எந்தத் தண்டனை என்று நான் எங்கும் சொல்லவில்லை என்பது தெரியவந்தது. அவன் விளக்கை “ஏற்றுக்கொண்டவன்” அல்லன். முதற் சட்டம் அவனைத் தொடாது. எண்ணெய்க் களவுக்குக் குற்றப்பணம் மட்டுமே. தங்கை உயிரைப் பணயம் வைத்துப் பேசி, அவன் சில மூடை உப்பு அளந்துவிட்டுப் போவான்.

முதலில் இதைப் பிழை என்று எண்ணித் திருத்தப் போனேன். பிறகு தண்டனைகளில் நான்காம் படியான விளக்கு வைத்தலை எடுத்தேன். கருதாமல் ஏழு உயிர் போகக் காரணமானவன் என்று அவனை நீதிபதி வகைப்படுத்தினால், அவன் ஏழு விளக்கு வைக்க வேண்டும். அவனிடம் பொருள் இல்லாததால், அந்த விளக்குகளை ஏற்றும் கடமை அவன் வீட்டார்மேல் விழும். செவ்வந்தி இப்போது தனி அடுப்பினள். சட்டப்படி அவள் அந்த வீட்டாள் அல்லள். எஞ்சியிருப்பது தாய் மட்டும். உறுதி ஓலை கரையிறங்கும் நாற்பத்தேழாம் நாளின் மாலையை அங்கிருந்துதான் எழுதத் தொடங்கினேன்: முதல் விளக்குக்கு எண்ணெய் வாங்க அந்த மூதாட்டி களஞ்சியத்தின் வாசலில் நிற்கிறாள்.